ரிங் போச்சுங்களா, சார்?

மூன்று மிஸ்டு காலுக்குப் பதில் கொடுக்காத குற்றத்துக்காக எனக்கு மெமோ வந்தது. இப்போது இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதத்தை வாங்கிப் படித்ததும் முதலில் பயந்தேன். பயம் முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது. என் கோபம் அப்படித்தான், வரிசையில் நின்று வருகிற ஜாதி இல்லை.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். பறித்துக் கொண்டுவந்து கொடுத்தால் பறித்த கூலிக்கே காணவில்லை என்று குன்னூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிகளில் பலர் செடியை அப்படியே வளர விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக நின்றது. எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தன. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த எஸ்டேட் பூட்டி எட்டு மாதமாகியிருந்தது. அவர் கீழே மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை இறக்கப் போவார். லோடு வந்தால் உண்டு, வராவிட்டால் பஸ் செலவும் போச்சு. மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் என்னுடையதுதான்.

நான் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு இலை வாங்கும் செட்டில் கிளார்க். செட் என்றால் தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை, நடுவில் ஒரு தொங்கு தராசு, எனக்கு ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் ராஜ்ஜியம். விவசாயிகள் மூட்டை கட்டிக் கொண்டுவரும் பச்சை இலையை நிறுத்து, நோட்டில் எழுதி, சீட்டுக் கிழித்துக் கொடுத்து, மத்தியானம் காலிச் சாக்கைப் போட்டுவிட்டுப் போகும் லாரி சாயங்காலம் திரும்பி வரும்போது அதில் ஏற்றிவிட வேண்டும். ஃபேக்டரிக்கு இப்படி ஐந்து செட் இருந்தது. முந்தைய மாதம் ஒன்றை மூடி, அங்கிருந்த கிளார்க்கை "வீட்டுல இருங்க, கூப்புடறோம்" என்று அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை. அடுத்தது யார் என்று மீதி நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கு செட்டுக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர். அவர் ஃபேக்டரியில் இருப்பார், நாங்கள் பள்ளத்தில் கிடப்போம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கஞ்சர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். செட்டுக்கு ஒன்றாக, ஆபீசில் தேய்ந்துபோன பழைய பட்டன் போன்களைக் கொடுத்தபோது கூடவே ஒரு சட்டமும் கொடுத்தார். யாரும் பேசக் கூடாது. எல்லாம் மிஸ்டு காலில்தான் நடக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தை அவரே தன் கையால் ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொரு செட்டிலும் ஆணியடித்து மாட்டினார். ஃபேக்டரி ஆபீசிலும் ஒன்று மாட்டினார். ஒரு மிஸ்டு கால் வந்தால் லாரி கிளம்பிவிட்டது. இரண்டு வந்தால் இலையை அளவாக வாங்கு. மூன்று வந்தால் வாங்குவதை உடனே நிறுத்து. யார் கொடுத்தாலும், வாங்கினவர் பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், 'கிடைத்தது' என்று அர்த்தம். அட்டையின் அடியில் சிவப்பு மையில் நான்காவதாக ஒரு வரி. அதை நான்தான் கேட்டு எழுத வைத்தேன். செட்டிலிருந்து நான்கு மிஸ்டு கால் வந்தால், அந்த செட்டின் போனில் சார்ஜ் தீரப்போகிறது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

அப்படி ஒரு வரி எனக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்றால், என் போனின் யோக்கியதை அப்படி. அதன் பேட்டரி உப்பிப் போயிருந்தது. பின்பக்க மூடி சரியாக மூடாது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். இரவெல்லாம் சார்ஜ் போட்டால் காலையில் நான்கு கோடும் நிறைந்து மகாராணி மாதிரி இருக்கும். பத்து மணிக்கு இரண்டு கோடு. பதினொன்றரைக்கு ஒன்று. அந்த ஒன்று எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

செட் இருந்த இடமும் சரியில்லை. இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளம். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மா இருக்காது, டவர் எங்கே டவர் எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கும். தேடத் தேடச் சார்ஜ் இறங்கும். போனைத் தொட்டுப் பார்த்தால் முதுகு வெதுவெதுவென்று இருக்கும், ஒரு கால்கூட வந்திருக்காது. போதாதற்குக் குளிர் வேறு. பனிக்காலத்துக் காலையில் பழைய பேட்டரி பாதிகூட வேலை செய்யாது. அதனால் போனை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்வேன். இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் மூன்று தரம் சொல்லி ஒரு புது பேட்டரி கேட்டேன்.

"ஏம்மா, போன் என்ன பேசறதுக்கா குடுத்தோம்? மிஸ்டு கால் வாங்கறதுக்கு எதுக்கு புது பேட்டரி?" என்றார்.

இந்த நியாயத்துக்கு நான் என்ன பதில் சொல்ல? நான்காவது வரியையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின இரவு முழுக்க எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. குந்தாவில் தண்ணீரை உருட்டிக் கரண்ட் எடுத்து நாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்கள், பக்கத்து மலையில் இருக்கிற நாங்கள் மெழுகுவத்தி வைத்துச் சாப்பிடுகிறோம். விடியற்காலை கரண்ட் வந்ததும் எழுந்து போனைச் சொருகினேன். அரை மணி நேரம்கூட ஏறவில்லை, நான் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. செட்டில் கரண்டே கிடையாது.

பதினொன்றே முக்கால் இருக்கும், தராசில் மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்வெட்டருக்குள் போன் 'டொய்ங்' என்று முனகியது. அது சாகப்போகிற முனகல். மூட்டையை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினேன். மேட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கும், அதன் அடியில் நின்றால்தான் சிக்னல் நிலையாக இருக்கும். மூச்சு வாங்க நின்று சூப்பர்வைசருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொன்றுக்கும் போனைக் காதில் வைத்து, அங்கே மணி அடிக்கிற சத்தம் ஒரு தரம் கேட்ட பிறகே கட் செய்தேன். நான்காவதைக் கட் செய்ததும் திரை கறுப்பாகிவிட்டது. பதில் மிஸ்டு கால் வருகிறதா என்று பார்க்கக்கூட அது எனக்கு அவகாசம் தரவில்லை.

பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து ஊதி, தேய்த்து, சூடாக்கித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சூடு காட்டினால் சில சமயம் ஒரு நிமிடம் உயிர் கொடுக்கும். வெளிச்சம் வந்தது, கம்பெனிப் பெயர் வந்தது, அணைந்தது. சரி, நான்கு கொடுத்தாயிற்று, இனி சேதி ஏதும் இருந்தால் டிரைவரிடம் சீட்டு வரும் என்று இறங்கி வந்து மூட்டையைப் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு மேல் ஃபேக்டரியில் டிரையர் மோட்டார் எரிந்துபோனது. தேயிலை ஃபேக்டரியில் டிரையர் நின்றால் எல்லாம் நின்றது மாதிரிதான். அரைத்த தூளைக் காயவைக்க முடியாது. தூள் நகராவிட்டால் வாடவைத்த இலையை அரைக்க முடியாது. வாடவைக்கும் மேடை காலியாகாவிட்டால் புது இலையைக் கொட்ட இடம் கிடையாது. ஒரு மணிக்குச் சூப்பர்வைசர் நான்கு செட்டுக்கும் மூன்று மூன்று மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார். மூன்று செட் நிறுத்திவிட்டது. நான் மட்டும் சாயங்காலம் வரை சுறுசுறுப்பாக வாங்கித் தள்ளினேன். லாரி ஒன்றரைக்குத்தான் ஃபேக்டரியை விட்டுக் கிளம்பியிருக்கிறது, ஆனால் டிரைவரிடம் போனும் கிடையாது, சீட்டும் கொடுத்தனுப்பவில்லை. அவர் வழக்கம்போலச் சாக்கைப் போட்டுவிட்டுப் போனார், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

மூட்டைக்குள் அடைபட்ட பச்சை இலை சும்மா இருக்காது. உள்ளே சூடேறும், கை விட்டால் சுடும். மறுநாள் காலையில் மூட்டையைப் பிரித்தபோது என் செட்டு இலை முழுக்கச் சிவந்து, புளித்த வாடை அடித்ததாம். அத்தனையையும் குப்பையில் கொட்டினார்கள். அந்த இலையைக் குளிரில் நின்று பறித்த பெண்களின் முகமெல்லாம் எனக்குத் தெரியும்.

மெமோ புதன்கிழமை லாரியில் வந்தது. 'மூன்று முறை அழைத்தும், மூன்று முறையும் ரிங் போயும், பதில் மிஸ்டு கால் தராமல் கவனக்குறைவாக இருந்ததற்கு ஏன் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது? நாளைக் காலை பத்து மணிக்கு மேனேஜர் முன்னிலையில் சூப்பர்வைசரிடம் விளக்கம் அளிக்கவும்.' டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

'ரிங் போயும்' என்ற இரண்டு சொல்லில்தான் என் கண் நின்றது. செத்த போனில் எப்படி ரிங் போகும்? மனிதர் பொய் சொல்கிறார் என்று முதலில் கொதித்தேன். அன்று சாயங்காலம் சோற்றை வடித்துக்கொண்டே யோசித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சம்பள நாளில் ஃபேக்டரிக்குப் போகும்போது அவர் மிஸ்டு கால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். போனைக் காதுக்குக் கொண்டுபோகவே மாட்டார். பட்டனை அமுக்குவார், முகத்துக்கு நேரே பிடித்துத் திரையை முறைப்பார், உதட்டுக்குள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார், டக்கென்று கட் செய்வார். மூன்று எண்ணினால் எதிராளி எடுத்துத் தொலைத்துவிடுவார்கள், காசு போய்விடும் என்று பயம். இரண்டு எண்ணுவதற்குள் கால் மலையைத் தாண்டி எங்கே வந்து சேரும்? போன் இருக்கிறதா செத்ததா என்று போன் கம்பெனி அம்மாள் குரல் சொல்ல ஆரம்பிப்பதற்குள் இவர் கட் செய்துவிடுகிறார். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை! இவருக்கு ரிங் போகிறதா இல்லையா என்றே தெரியாது!

வடிதட்டை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்தார்.

"வேல போகப்போவுதுங்கற, இப்ப சிரிக்கற? ஏதாச்சும் ஆயிருச்சா உனக்கு?"

"நாளைக்குச் சொல்றனுங்க" என்றேன்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று போனை அணைத்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். மூடியைப் போட்டு ரப்பர் பேண்டைத் திரும்ப மாட்டினேன். பார்க்கிறவர்களுக்குப் போன் போன்தான். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். வேலை போகிற பயம் அதற்கெல்லாம் அடங்குமா?

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், வயதானவர், அதிகம் பேச மாட்டார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் சூப்பர்வைசரின் அட்டை தொங்கியது. சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"சொல்லும்மா. எதுக்குப் பதில் குடுக்கல?" என்றார் சூப்பர்வைசர்.

"போன் செத்துப்போச்சுங்க சார். பன்னெண்டு மணிக்கு முன்னாடியே பேட்டரி தீந்துபோச்சுங்க."

"பாத்தீங்களா சார்? எல்லாரும் சொல்ற பாட்டுதான். பேட்டரி போச்சு, சிக்னல் போச்சு. செத்த போன்ல ரிங் போகுமா? மூணு தடவையும் போச்சு. என் போன்லயே இருக்கு பாருங்க" என்று அவர் போனைத் திறந்து, செய்த கால்களின் பட்டியலைக் காட்டினார். என் நம்பர் இருந்தது. ஒரு மணி, ஒரு மணி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

மேனேஜர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, கூப்புட்டிருக்காரே?"

"கூப்புட்டிருப்பாருங்க சார், நான் இல்லைங்கல. ஆனா ரிங் போச்சுன்னு எப்புடிச் சொல்றாரு?"

"எனக்குத் தெரியாதா? எத்தன வருசமா குடுக்கறேன்!"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார்." என் போனை மேனேஜர் மேஜையில் குப்புற வைத்தேன். "இங்க மேல சிக்னல் நல்லா இருக்குதுங்க. அன்னிக்கு எப்புடிக் குடுத்தீங்களோ, அதே மாதிரி இப்ப எனக்கு மிஸ்டு கால் குடுங்க."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டினார். சூப்பர்வைசர் பட்டனை அமுக்கினார், போனை முகத்துக்கு நேரே பிடித்தார். உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு. டக்.

"ரிங் போச்சுங்களா, சார்?"

"போச்சு."

"போனு சத்தமே போடலீங்களே?"

"சைலண்ட்ல போட்டு வெச்சிருக்கற. இதேதான் சார் அன்னைக்கும் பண்ணியிருக்கா!"

"இன்னும் ரெண்டு குடுத்துருங்க சார். மூணுதான கணக்கு."

கொடுத்தார். வீறாப்பாகவே கொடுத்தார். ஒண்ணு, ரெண்டு, டக். ஒண்ணு, ரெண்டு, டக்.

"மூணும் போச்சுங்களா?"

"அதான் போச்சுங்கறேன்ல!"

நான் இடது கையை நீட்டி மேஜைமேல் வைத்துத் திறந்தேன். உள்ளங்கையில் பேட்டரி கிடந்தது, வியர்வையில் நனைந்து. வலது கையால் போனின் ரப்பர் பேண்டைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே வெறும் பள்ளம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிப் போனைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த லேண்ட்லைனில் ஸ்பீக்கரைப் போட்டு, என் நம்பரை ஒவ்வொன்றாக அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று நான் மனதுக்குள் எண்ணினேன். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் குரல் நிதானமாகச் சொன்னது, நீங்கள் அழைக்கும் எண் தற்போது சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது. அந்தக் குரல் எனக்கு அன்றைக்கு அம்மன் வாக்கு மாதிரி கேட்டது.

"நீங்க ஒரு தடவையாச்சும் இதக் காதுல வெச்சுக் கேட்டிருக்கீங்களா?" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசரின் காது சிவந்துவிட்டது. "காதுல வெச்சா எடுத்துருவாங்க சார், வீண் செலவு..." என்று இழுத்தார். உடனே சுதாரித்துக்கொண்டார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "சரி சார், போன் அணைஞ்சுதான் இருந்துச்சுன்னே வெச்சுக்குவோம். தானா அணைஞ்சுதா, இவளா அணைச்சாளா? வெவசாயிக இலைய வேண்டாம்னு சொல்ல மனசு வராம அணைச்சு வெச்சிருக்கலாமில்ல?"

அங்கேதான் எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. பேட்டரியை எடுத்து மேஜைக் கண்ணாடிமேல் படுக்கவைத்து, ஒரு மூலையை விரலால் சுண்டிவிட்டேன். கிறுகிறுவென்று பம்பரமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"நல்ல பேட்டரின்னா தட்டையா உக்காந்துக்கும், இப்புடிச் சுத்தாதுங்க சார். இது வயிறு உப்பிப்போன பேட்டரி. புதுசு குடுங்கன்னு மூணு தரம் கேட்டனா இல்லீங்களா, அவரக் கேளுங்க."

மேனேஜர் அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டாங்களா?"

"கேட்டா... மிஸ்டு காலுக்கு எதுக்குன்னு..."

"இன்னொண்ணுங்க சார்" என்றேன். "நானா அணைக்கறவளா இருந்தா, அணையப்போவுதுன்னு சொல்லியிருப்பனுங்களா? உங்க தலைக்குப் பின்னாடி அட்டை தொங்குது பாருங்க. செவப்பு மையில நாலாவது வரி."

மேனேஜர் நாற்காலியைத் திருப்பினார். சத்தமாகவே படித்தார். "செட்டிலிருந்து நான்கு மிஸ்டு கால் வந்தால் சார்ஜ் தீரப்போகிறது. டிரைவரிடம் சீட்டு அனுப்பவும்." பிறகு திரும்பினார். "இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க சார்."

"என் போன்ல பாக்க வேண்டாங்க சார்" என்றேன். "பேட்டரியக் கழட்டுனா கடியாரமே பூஜ்யத்துக்கு வந்துரும், நேரத்த நம்ப முடியாது. அவரு போன்லயே பாருங்க. அவரு கூப்புட்டதக் காட்டுனாரு. அவருக்கு வந்ததக் காட்டச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் போனைத் தரத் தயங்கினார். மேனேஜர் கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் கொடுத்தார். மிஸ்டு கால் பட்டியலில் ஒரே நம்பர் பலமுறை வந்தால் ஒரு வரிதான் தெரியும், உள்ளே போனால் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு என்று காட்டும். மேனேஜருக்கு அது தெரிந்திருந்தது. அவர் கட்டைவிரல் இறங்கி இறங்கிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை. பதினொன்று ஐம்பது. பதினொன்று ஐம்பத்தொன்று. பதினொன்று ஐம்பத்தொன்று. பதினொன்று ஐம்பத்திரண்டு. என் நம்பர், நான்கு தடவை.

"லாரி எத்தன மணிக்குப் போச்சு?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணரைக்குங்க சார்."

"நாலு மிஸ்டு கால் வந்ததப் பாத்தீங்களா இல்லையா?"

சூப்பர்வைசரின் குரல் சட்டைப் பைக்குள் இறங்கிவிட்டது. "பாத்தேன் சார். நாலுன்னா என்னன்னு... மறந்துட்டேன். கை பட்டு வந்திருக்கும்னு நெனச்சுட்டேன்."

எனக்குள் என்னவோ எழும்பிற்று. ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் குரல் இவ்வளவு நிதானமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "சார், உங்க மூணுக்கு என் பதில் ஒண்ணு வரலைன்னு மெமோ குடுத்தீங்க. செத்த போன்ல எப்புடிங்க பதில் குடுப்பேன்? என் நாலுக்கு உங்க பதில் ஒண்ணு எங்கீங்க சார்? உங்க போனுதான் உசுரோட இருந்துச்சே?"

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். மெமோவின் நகலை எடுத்து நான்காகக் கிழித்தார். அவர் எண்ணிக் கிழித்தாரா, தானாக அமைந்ததா தெரியாது, எனக்கு நான்கு துண்டும் கண்ணில் நின்றது.

"நீங்க உக்காருங்கம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் நான் நின்றுகொண்டிருந்ததே எனக்கு உறைத்தது. பிறகு சூப்பர்வைசரிடம் சொன்னார், "விளக்கம் நீங்க எழுதிக் குடுங்க. வெவசாயிக இலைக்கு உண்டானது ஃபேக்டரி குடுக்கும், அவுங்க மேல தப்பில்ல. இந்தம்மாவுக்கு இன்னைக்கே புது பேட்டரி. அந்த அட்டைய எல்லா எடத்துலயும் கழட்டுங்க. அவசரம்னா கூப்புட்டுப் பேசுங்க. ஒரு லோடு இலைய விடவா ஒரு போன் காலு செலவு?"

உட்கார்ந்ததும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த ஆளுக்கு முன்னால் அழுதால் ஜெயித்த ஜெயிப்பெல்லாம் வீணாகிவிடுமே. வெளியே வந்து, வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று ஒரு நிமிடம் அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேண்டீனில் ஒரு வடை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வடை மாதிரி ஒரு வடையை நான் இன்றுவரை சாப்பிடவில்லை.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் என் கைக்குள் பேட்டரி இருந்த இடம் வந்ததும் "மறுக்காச் சொல்லு, மறுக்காச் சொல்லு" என்று கேட்டார். மூன்று தரம் சொன்னேன். மண்டியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார் போல, ஒரு வாரம் கழித்து மேட்டுப்பாளையத்துப் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஓர் ஆள் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். அதில் நான் சூப்பர்வைசர் தலையில் பேட்டரியை எறிந்ததாக இருந்தது. நான் திருத்தவில்லை.

டிரையர் சரியாகி, சனிக்கிழமை மறுபடி இலை வாங்க ஆரம்பித்தோம். புது பேட்டரி போட்ட போன் தராசுப் பலகைமேல் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கும் நான்கு கோடும் நின்றது. அட்டை மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் மூட்டையோடு விவசாயிகள் பத்துப் பேர் நின்றார்கள். கதை அவர்களுக்கும் தெரியும்.

இரண்டரைக்குப் போன் அடித்தது. சூப்பர்வைசர் நம்பர். எல்லோரும் போனைப் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. ஒரு மணி அடித்தது. இரண்டு. பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் கட் ஆகியிருக்கும். மூன்று. நான்கு. கட் ஆகவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்து. ஆறு. ஆறாவது மணியில் எடுத்தேன்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. போனைக் காதோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஏனுங்கம்மா... கேக்குதுங்களா?" என்றார்.

"கேக்குதுங்க சார்" என்றேன், செட்டு முழுக்கக் கேட்கும்படி. "ரிங் நல்லாப் போச்சுங்க."